எழுத்தில் ஒரு ஜாப் ஒர்க்

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு 'ஒயிட் லேபிள்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. என் மாமா இருபது வருடமாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். பதினாறு மிஷின். அவர் தைக்கிற டி-ஷர்ட்டில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. கழுத்துப்பட்டையில் வேறு ஏதோ ஊரின் ஏதோ கம்பெனியின் லேபிள் இருக்கும். அந்த லேபிளும் ஆர்டரோடு பண்டலாக வந்துவிடும், மாமா ஆள் வைத்துத் தைத்துக் கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "லேபிள் அவுங்களுது, தையல் நம்மளுது. தையல் பிரிஞ்சா ஆர்டர் போயிரும், லேபிள் பிரிஞ்சாலும் ஆர்டர் போயிரும்" என்பார்.

நான் செய்வதும் இதே வேலைதான், துணிக்குப் பதில் வாக்கியம். விளம்பர ஏஜென்சிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் அதைத் தங்கள் வேலையாகத் தங்கள் கிளையன்ட்டிடம் கொடுக்கிறார்கள். துண்டுப்பிரசுரம், ரேடியோ ஸ்கிரிப்ட், வாட்ஸப்பில் வரும் ஆஃபர் படம், பஸ்ஸின் பின்புறத்தில் ஒட்டும் வரி என்று எல்லாம் உண்டு. எதிலும் என் பெயர் வராது. வரவும் கூடாது. ஒருமுறை வந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

முதலில் நாற்பது மெயில் அனுப்பினேன். சென்னை, பெங்களூரு, கொச்சி, மும்பை என்று ஏஜென்சிகளின் இணையதளத்தில் இருந்த பொது முகவரிகளுக்கெல்லாம் போட்டேன். தமிழ் இலக்கியம் படித்தவன், இன்னின்ன சிற்றிதழ்களில் கவிதை வந்திருக்கிறது, சொற்களின் மேல் தீராத காதல் கொண்டவன் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று 'தேவைப்பட்டால் தொடர்புகொள்கிறோம்'. மற்றொன்று, அந்த ஆள் லீவில் இருப்பதாகச் சொல்லும் தானியங்கிப் பதில்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். ஒரு ஹோர்டிங்கில் 'முன்பதிவிற்க்கு' என்று ஒற்றுப்பிழையோடு அச்சாகியிருந்தது. அதைப் படம் எடுத்து, அந்த விளம்பரத்தைச் செய்த ஏஜென்சியைக் கண்டுபிடித்து, 'உங்கள் தமிழில் பிழை இருக்கிறது, நான் சரிசெய்து தருகிறேன்' என்று அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த மெயிலைத் திறந்தவர் யாராக இருந்திருப்பார் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. அநேகமாக அந்த வரியை ஓகே செய்தவரேதான் திறந்திருப்பார். அவர் என்னை வேலைக்கு வைத்தால் தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

மாமா யூனிட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது புலம்பினேன். "என்னன்னு எழுதுன, படி" என்றார். படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

"ஏங்கண்ணு, நான் ஆர்டர் கேக்கப் போனா பையர்கிட்ட என்னோட தையல் ஆசையப் பத்தியா பேசுவேன்? எத்தன பீஸு முடியும், எத்தன நாள்ல முடியும், ரிஜெக்ட் வந்தா யாரு பொறுப்பு. மூணுதான். அவன் வெலைக்குப் பயப்படறான்னு நெனைக்கிற நீ. அவன் ஷிப்மென்ட் தேதிக்குத்தான் பயப்படறான்."

அன்று இரவு ஏஜென்சிக்காரர்களின் பயம் என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தென்னிந்தியா முழுக்க விளம்பரம் செய்கிற ஒரு நடுத்தர ஏஜென்சியை எடுத்துக்கொள்வோம். கிளையன்ட் ஒரே ஆங்கில வாசகத்தைக் கொடுத்து நான்கு மொழியில் கேட்கிறார். அலுவலகத்தில் கன்னடத்துக்கு ஆள் இருப்பார். தமிழுக்கு முழுநேர ஆள் வைக்கும் அளவுக்கு வருடம் முழுவதும் வேலை இருக்காது. ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மலைபோல் வந்து குவியும். அப்போது யாரையாவது பிடித்து எழுதி வாங்குவார்கள். வந்தது சரியா தவறா என்று அவர்களால் படித்துப் பார்க்கக்கூட முடியாது. கிளையன்ட்டின் மதுரைக் கிளை மேனேஜர் போன் செய்து "என்னங்க இது, கடைக்கு வர்றவங்க சிரிக்கிறாங்க" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

ஆக, அவர்கள் விலைக்கு வாங்குவது அழகான தமிழை அல்ல. தங்களால் படிக்க முடியாத ஒன்றைத் தைரியமாகக் கிளையன்ட்டுக்கு அனுப்பும் நிம்மதியைத்தான் வாங்குகிறார்கள். இதைப் புரிந்துகொண்டதும் மெயில் எட்டு வரியாகச் சுருங்கியது. ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'உங்கள் கிளையன்ட்டுகளின் தமிழ் வேலையை, உங்கள் பெயரில், பின்னாலிருந்து செய்து தருகிறேன். ஒரு நாளைக்கு 1,500 ஆங்கிலச் சொற்கள் வரை முடியும். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே முடியாது என்று சொல்லிவிடுவேன். காலை 11 மணிக்குள் வந்தது மறுநாள் 11 மணிக்குள் திரும்பும். ஒவ்வொரு தமிழ் வரிக்குக் கீழும் அதன் பொருளை ஆங்கிலத்தில் தருவேன், தமிழ் படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கலாம். டிசைன் முடிந்தபின் அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பை நான் ஒருமுறை பார்ப்பேன், அது விலைக்குள் அடக்கம். பணம் வந்ததும் எழுத்தின் முழு உரிமை எழுத்துபூர்வமாக உங்களுக்கு. உங்கள் கிளையன்ட்டிடம் நேரடியாகப் பேச மாட்டேன். மூன்று மாதிரிகள் இணைத்துள்ளேன்.'

உரிமை பற்றிய வரியை ஒரு வக்கீல் நண்பர் சேர்க்கச் சொன்னார். 1957 காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதியது நிறுவனத்துக்குச் சேரும். என்னைப் போல வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதியவரிடமே தங்கிவிடும். மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த ஏஜென்சிக்கு இது ஒரு கவலை. அந்தக் கவலை எனக்குத் தெரியும் என்று காட்டினாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். 'பணம் வந்ததும்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்காக.

மாதிரிகளில் ஒரு சிக்கல் இருந்தது. பின்னாலிருந்து எழுதுபவனுக்குக் காட்டுவதற்கு எதுவும் இருக்காது, செய்த வேலை எல்லாம் அடுத்தவர் பெயரில்தான் இருக்கும். அதனால் இல்லாத ஒரு கடையைக் கற்பனை செய்து, அதற்கு ஒரு துண்டுப்பிரசுரம், ஒரு முப்பது விநாடி ரேடியோ ஸ்கிரிப்ட், நான்கு சமூக ஊடக வரிகள் என மூன்றே மூன்று செய்தேன். மேலே ஆங்கிலம், நடுவில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எப்படி வரும், கீழே நான் எழுதியது. இன்றைக்கும் அந்த மூன்றைத்தான் அனுப்புகிறேன். ஒரு ஏஜென்சிக்குச் செய்ததை இன்னொரு ஏஜென்சிக்குக் காட்டினால், இவர்களுடையதையும் நாளைக்கு வேறு யாருக்காவது காட்டுவான் என்றுதானே நினைப்பார்கள்?

இந்த முறை பன்னிரண்டு பேருக்குத்தான் அனுப்பினேன். பொது முகவரிக்கோ கிரியேட்டிவ் டைரக்டருக்கோ அனுப்பவில்லை. கிளையன்ட்டின் திட்டை நேரடியாக வாங்குகிறவர் அக்கவுண்ட் மேனேஜர், அவருக்கு அனுப்பினேன். அனுப்பியது ஜூன் இரண்டாவது வாரம். ஆடி பிறக்க ஒரு மாதம் இருந்தது. ஆடி பிறந்தபின் அனுப்பினால் புது ஆளைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. இரண்டு மாதம் முன்பே அனுப்பினால் மறந்துவிடுவார்கள்.

நான்கு பதில் வந்தது. ஒன்று பெங்களூரிலிருந்து. போனில் பேசிய அக்கவுண்ட் மேனேஜர் நல்ல தமிழில் பேசினார்.

"நாங்க தமிழ்க்காரங்கதான் சார், தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம். பேசுவேன், படிக்க வராது. போன வருஷம் தீபாவளிக்கு ஒருத்தர் எழுதினது என்னன்னே தெரியாம அனுப்பிச்சு, கிளையன்ட் முன்னாடி நிக்க முடியல. நீங்க கீழ இங்கிலீஷ்ல அர்த்தம் தர்றேன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

சோதனை வேலை ஒன்று வந்தது. நூறு சொற்கள் வரை இலவசம், அதற்கு மேல் என்றால் வழக்கமான விலை என்று சொல்லியிருந்தேன். வந்தது 180 சொற்கள், எண்பதுக்குப் பணம் கொடுத்தார்கள். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை. தலைப்பு 'Upgrade your home this season'. சொல்லுக்குச் சொல் என்றால் 'இந்தப் பருவத்தில் உங்கள் இல்லத்தை மேம்படுத்துங்கள்'. ஏதோ அரசுத் திட்டத்தின் போர்டு போல இருக்கிறது. நான் எழுதியது, 'ஆடி வந்தாச்சு, வீட்டுக்குப் புதுசா என்ன?' கீழே ஆங்கிலப் பொருளோடு ஒரு குறிப்பும் போட்டேன். இது நேர் மொழிபெயர்ப்பு அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது போன்ற வரி, கிளையன்ட் நேர் மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்றால் இதோ இரண்டாவது வரி என்று. அந்தக் குறிப்பை அவர் அப்படியே வெட்டி ஒட்டித் தன் மெயிலாகக் கிளையன்ட்டுக்கு அனுப்பியது பிறகு தெரிந்தது. முதலில் சுருக்கென்றது. அப்புறம்தான் அந்தக் குறிப்பும் சரக்கின் ஒரு பகுதி என்று புரிந்தது. கிளையன்ட் கேட்கப்போகும் கேள்விக்கு அவர் சொல்ல வேண்டிய பதிலை நான் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். அதற்கும்தான் பணம்.

விலையில் ஒரு பாடம் உண்டு. ஆரம்பத்தில் ஒரு ஏஜென்சிக்குத் தமிழ்ச் சொல் கணக்கில் விலை சொல்லி ஏமாந்தேன். 'Terms and conditions apply' ஆங்கிலத்தில் நான்கு சொல். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' இரண்டே சொல். 'will not be able to come' என்று ஐந்தாறு சொல்லில் சொல்வதைத் தமிழ் 'வரமுடியாது' என்று முடித்துவிடும். தமிழில் ஒட்டிக்கொண்டே போவதால் நன்றாக எழுத எழுதக் கூலி குறையும். அதனால் கொடுக்கப்படும் ஆங்கிலச் சொல்லுக்குத்தான் விலை. மூன்று சொல் தலைப்புக்கு அதுவும் சரிவராது, தலைப்புக்கும் ரேடியோவுக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று தனி விலை. எந்த விலையாக இருந்தாலும், ஏஜென்சி அதன் மேல் தன் லாபத்தை வைத்துத்தான் கிளையன்ட்டுக்கு விற்கும் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. மாமாவும் கேட்பதில்லை.

அந்த ஆடிக்குப் பன்னிரண்டு போஸ்ட், இரண்டு ரேடியோ ஸ்கிரிப்ட், ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினேன். எழுதியதைவிட, பிடிஎஃப் பார்த்ததுதான் என்னை அங்கே நிலைநிறுத்தியது. துண்டுப்பிரசுரம் காலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். இரவு ஒன்பதரைக்குக் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால் 'கொண்டாட்டம்' சிதறிக் கிடக்கிறது. ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கிறது, கால் தனியாக ஒதுங்கியிருக்கிறது. எல்லாக் கொ, மோ, பொவும் இப்படியே. நான் அனுப்பிய கோப்பில் சரியாகத்தான் இருந்தது. டிசைனர் இன்டிசைனில் ஒட்டியபோது உடைந்திருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

போன் போட்டேன். "பாராகிராஃப் பேனல் மெனுவில் Adobe World-Ready Paragraph Composer என்று இருக்கும், எல்லாத் தமிழ்ப் பத்தியையும் தேர்ந்தெடுத்து அதை மாற்றுங்கள்" என்றேன். சாதாரண கம்போஸர் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவராது, தட்டச்சான வரிசையிலேயே நிறுத்திவிடும். மாற்றினார், எல்லாம் சேர்ந்துகொண்டது. புதிய பிடிஎஃப் பத்தரைக்கு வந்தது. ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துப் பார்த்து அனுப்பினேன். மறுநாள் அக்கவுண்ட் மேனேஜரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இனிமேல் நீங்கள் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது.' அந்த ஒரு வரிக்கு முன்னால் என் கவிதைகள் எதுவும் நிற்க முடியாது என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

இனி அந்தக் கதை.

செப்டம்பரில் ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். அந்தக் கடையின் மார்க்கெட்டிங் ஆள். என் பெயரைச் சொல்லியே பேச ஆரம்பித்தார். "நீங்கதான தமிழ் எழுதறது? தீபாவளிக்கு நேரா நம்மகிட்டயே பண்ணுங்களேன். அவுங்க குடுக்கறத விட டபுள் தர்றேன்."

எப்படிக் கண்டுபிடித்தார்? நான் எதையும் சொல்லவில்லை, ஏஜென்சியும் சொல்லவில்லை. அவரே சொன்னார். ஏஜென்சி அவசரத்தில் என் வேர்ட் கோப்பை அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டது. அதன் விவரப் பக்கத்தில் எழுதியவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர் இருந்திருக்கிறது. என் கம்ப்யூட்டரில் வேர்டை நிறுவியபோது நான் கொடுத்த பெயர், ஒவ்வொரு கோப்பிலும் தானாக ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. பெயரைத் தேடினால் கவிதை வந்த இணைய இதழ், அதன் கீழே என் தொடர்பு விவரம். லேபிளைச் சரியாகத் தைத்துவிட்டு, உள்பக்கம் என் விசிட்டிங் கார்டை மறந்துவைத்த கதை.

உடனே முடியாது என்று சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஆடி வேலைக்கான பணம் அப்போதும் வரவில்லை, ஐம்பது நாள் தாண்டியிருந்தது. வீட்டு வாடகை கொடுக்க மாமாவிடம் கைமாற்று வாங்கியிருந்தேன். நல்ல தமிழ் என்று ஒருவர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியது அந்த வேலையில் அதுதான் முதல்முறை. இரட்டைக் கூலியைவிட அதுதான் என்னை ஆட்டியது.

இரண்டு நாள் கழித்து ஏஜென்சிக்கு எழுதினேன். இப்படி ஒரு போன் வந்தது, என் கோப்பிலிருந்த என் பெயர்தான் காரணம், அது என் தவறு, அவரிடம் உங்கள் மூலமாகவே வரச் சொல்லிவிட்டேன் என்று. கூடவே பாக்கிப் பணத்தையும் கேட்டேன். ஒப்பந்தத்தில் கிளையன்ட்டிடம் நேரடியாகப் போகக் கூடாது என்று இருந்தது உண்மை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. அந்தக் கடையின் வேலை வருடத்தில் மூன்று சீசன். ஏஜென்சியிடம் அதுபோலப் பத்துக் கடை. அதைவிட, எட்டு வரி மெயிலில் நான் விற்ற பொருளே 'நான் முன்னால் வர மாட்டேன்' என்பதுதான். அதை ஒருமுறை திரும்ப எடுத்துக்கொண்டால் விற்பதற்கு வேறு எதுவும் மிச்சமிருக்காது.

பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 'தெரிவித்ததற்கு நன்றி, இனி கவனம்' என்று இரண்டு வரி. அதன்பின் மூன்று வாரம் ஒரு வேலையும் வரவில்லை. பணம் மட்டும் வந்தது. அக்டோபரில், தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது, ஒன்றும் நடக்காதது போல ஒரு மெயில்: 'ஆறு போஸ்ட், ஒரு ரேடியோ, நாளை 11 மணி.' அனுப்பினேன்.

இப்போது எந்தக் கோப்பை அனுப்பும் முன்னும் File, Info, Check for Issues, Inspect Document என்று போய்ப் பெயரை நீக்கிவிடுகிறேன். கூகுள் டாக்ஸில் கொடுப்பதில்லை, அங்கே திருத்த வரலாற்றில் யார் என்று வரிக்கு வரி தெரியும். உத்யம் பதிவு செய்து, அந்த எண்ணை இன்வாய்ஸில் போடுகிறேன். பதிவுபெற்ற சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் கணக்குப் பிரிவில் கொஞ்சம் வேகம் வருகிறது. புதிதாக அனுப்பும் மெயிலில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'கோப்புகளில் என் அடையாளம் இருக்காது.'

போன வாரம் அம்மா செய்தித்தாளுக்குள் வந்த நோட்டீஸை எடுத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். என் வரி. "பரவால்லயே, நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே போட்டிருக்கான். யாரு எழுதறா இதெல்லாம்?" என்றாள்.

"யாராவது எழுதுவாங்கம்மா" என்றேன். ரகசிய ஒப்பந்தத்தில் அம்மாவுக்கு விலக்கு இல்லை. அம்மா நோட்டீஸை நாலாக மடித்து, அரிசிப் பானை மூடிக்கு அடியில் வைத்தாள். அதில் 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் இருந்தது.